கேத் லேப் இல்லாத மருத்துவமனையில் நெஞ்சுவலி: ஃப்ளோசார்ட் பெட்டிகளில் என்ன எழுதுவது?

"எங்களுடையது சின்ன மருத்துவமனை. இதயப் பிரிவு இல்லை, கேத் லேப்பும் இல்லை. ராத்திரியில் ஒரு டியூட்டி டாக்டர், இரண்டு நர்ஸ், அவ்வளவுதான். நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு ஒரு ஃப்ளோசார்ட் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் சார்ட்டைப் பார்த்தால் பாதிப் பெட்டிகளில் 'கார்டியாலஜியைக் கூப்பிடவும்' என்றே இருக்கிறது. எங்களுக்குப் பொருந்துகிற மாதிரி வாசகங்களை எப்படி எழுதுவது?"

இதய மருத்துவர் பக்கத்து அறையில் இருந்தால் சார்ட் அவரை எப்போது கூப்பிடுவது என்று சொன்னால் போதும். அவர் இல்லாத இடத்தில், அவர் எடுத்திருக்கக்கூடிய முடிவுகளில் எவற்றையெல்லாம் முன்கூட்டியே எடுக்க முடியுமோ அவற்றைப் பகலில் உட்கார்ந்து எடுத்து, தாளில் எழுதிவிட வேண்டும். நோயாளியைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும் என்பவை மட்டும் ராத்திரி டியூட்டி டாக்டருக்கு மிச்சம் இருக்கட்டும். சார்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகத்துக்கு ஒரு விதி. ஒவ்வொரு பெட்டியிலும் யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள், அடுத்து எந்தப் பெட்டி என்ற நான்கும் இருக்க வேண்டும். 'தேவைப்பட்டால்', 'சூழ்நிலைக்கேற்ப', 'மருத்துவரின் முடிவுப்படி' போன்ற சொற்கள் எங்கே வந்தாலும் அந்த இடத்தில் நீங்கள் ஒரு முடிவை எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். அதைத் திரும்ப எழுதுங்கள்.

முதல் பெட்டி நர்ஸுக்கானது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

பெட்டி 1. நர்ஸ். தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில், கைகள் உட்பட, வலி, எரிச்சல், இறுக்கம், பாரம், இவற்றில் எது சொன்னாலும். அல்லது காரணம் தெரியாத வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம். வயது 30-ம் அதற்கு மேலும் என்றால் டாக்டருக்காகக் காத்திருக்காமல் 12 லீட் ஈசிஜி எடு. 30-க்குக் கீழே என்றால் டாக்டரைக் கூப்பிட்டுக் கேள். வாசலில் நுழைந்ததிலிருந்து 10 நிமிடத்துக்குள் தாள் டாக்டர் கையில் இருக்க வேண்டும். தாளில் நேரத்தை எழுது. அடுத்து பெட்டி 2.

'நெஞ்சுவலி' என்ற சொல்லை மட்டும் எழுதினால் இந்தப் பெட்டி தோற்றுப்போகும். மாரடைப்போடு வருகிறவர்களில் பலர் அந்தச் சொல்லையே சொல்வதில்லை. 'வாய்வு', 'மேல்வயிறு எரியுது', 'கை கடுக்குது', 'ஒரு மாதிரி இருக்கு' என்றுதான் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோரிடம் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் இருக்கலாம். அதனால்தான் உடம்பின் எல்லையைச் சொல்லி எழுதுகிறோம். பெட்டியின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேருங்கள்: 'வாய்வு மருந்து கொடுத்து வலி குறைந்தது என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது, நாக்கின் அடியில் நைட்ரேட் வைத்துக் குறைந்தது என்பதால் மாரடைப்பு என்றும் ஆகாது.' மருந்து கொடுத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்.

ஈசிஜி எடுக்கும்போதே செய்ய வேண்டியவை: மானிட்டரில் இணைப்பது, டிஃபிப்ரிலேட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது, ஊசிக்கு வழி போடுவது, ட்ரோபோனினுக்கு ரத்தம் எடுப்பது. ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் ஆக்சிஜன். அளவு நன்றாக இருப்பவருக்கு மாஸ்க் போடுவதால் லாபம் இல்லை என்று இப்போது தெளிவாகத் தெரியும். பழைய சார்ட்டிலிருந்து அந்த வரி அப்படியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி 2. டாக்டர். ஈசிஜி கைக்கு வந்தவுடன் படி. அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் எஸ்டி உயர்வு உண்டா? V2, V3 தவிர்த்த லீடுகளில் 1 மி.மீ. போதும். V2, V3-இல் 40 வயதும் அதற்கு மேலுமான ஆண்களுக்கு 2 மி.மீ., 40-க்குக் கீழ் ஆண்களுக்கு 2.5 மி.மீ., பெண்களுக்கு 1.5 மி.மீ. உண்டு என்றால் பெட்டி 3. உயர்வு II, III, aVF-இல் இருந்தால் V4R-ம் எடு. உயர்வு இல்லை, ஆனால் V1 முதல் V3 வரை எஸ்டி தாழ்வு இருந்தால் V7, V8, V9 எடு, அங்கே 0.5 மி.மீ. உயர்வு இருந்தால் பெட்டி 3. எதுவும் இல்லை என்றால் பெட்டி 6. சந்தேகம் என்றால் ஈசிஜியைப் படமெடுத்து ஒப்பந்த இதய மருத்துவருக்கு அனுப்பி அழை. 5 நிமிடத்தில் பதில் இல்லை என்றால் இரண்டாவது எண். அதிலும் பதில் இல்லை என்றால் 10 நிமிடத்தில் ஈசிஜியைத் திரும்ப எடுத்துப் பார்.

சின்ன மருத்துவமனைகளில் அதிகம் தவறவிடப்படுவது முதுகுப் பக்கத்து மாரடைப்பு. முன்பக்க லீடுகளில் தாழ்வாகத் தெரிவது உண்மையில் பின்சுவரின் உயர்வு, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதால் தலைகீழாகத் தெரிகிறது. தாழ்வு என்று பார்த்ததும் 'இது எஸ்டி உயராத வகை, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வேண்டாம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே மூன்று லீடுகளை ஒட்ட ஒரு நிமிடம்தான் ஆகும். எந்த இடத்தில் ஒட்டுவது என்பதற்கு ஒரு சின்னப் படத்தை ஈசிஜி மெஷினிலேயே ஒட்டிவிடுங்கள். V4R-க்கும் அப்படியே: V4-ஐ வலது நெஞ்சில் அதே இடத்துக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், புதிதாகத் தெரியும் இடது கிளை அடைப்பு, ஆரம்பநிலையில் வரும் உயரமான டி அலைகள், aVR-இல் உயர்வோடு மற்ற பல லீடுகளில் தாழ்வு ஆகிய மூன்றையும் 'சந்தேகம்' என்ற கிளைக்குள் பெயர் சொல்லிப் போடுங்கள். இவற்றை முழுதாகச் சார்ட்டில் விளக்கப் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இனி வருவதுதான் உங்கள் சார்ட்டின் இதயம். எஸ்டி உயர்ந்த மாரடைப்பு என்று தெரிந்துவிட்டால் மிச்சம் ஒரே கேள்விதான்: அடைபட்ட குழாயை யார் திறப்பது, நீங்கள் ஊசியாலா, தூரத்துக் கேத் லேப் பலூனாலா? ஆஞ்சியோபிளாஸ்டிதான் மேலானது, ஆனால் நேரத்தில் நடந்தால் மட்டும். ஈசிஜியில் நோய் தெரிந்த நிமிடத்திலிருந்து கேத் லேப்பில் கம்பி அடைப்பைக் கடக்கும் நிமிடம் வரை 120 நிமிடத்துக்குள் முடியும் என்றால் அனுப்புங்கள். முடியாது என்றால், வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் வந்தவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உங்கள் இடத்திலேயே போட்டுவிட்டு அனுப்புங்கள். வழிகாட்டுதல்கள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன.

பிரச்சினை 120 என்ற எண்ணில் இல்லை, அதைக் கணக்குப் போடும் விதத்தில் இருக்கிறது. 'கேத் லேப் ஒன்றரை மணி நேரத் தூரம், அதனால் அனுப்பலாம்' என்று முடிவு செய்தால் கணக்கு தப்பு. ஆம்புலன்ஸ் உங்கள் வாசலுக்கு வர ஆகும் நேரம், நோயாளியை ஏற்ற ஆகும் நேரம், பயணம், அங்கே போனபின் கேத் லேப் ஆட்கள் வீட்டிலிருந்து வந்து சேர்ந்து மேசையில் படுக்கவைத்துக் கம்பி போகும் நேரம், இவை நான்கையும் கூட்ட வேண்டும். உறவினர்கள் கையெழுத்துப் போட யோசிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது குறைவானது இல்லை. இந்தக் கூட்டலை ராத்திரி டாக்டர் செய்யக்கூடாது. நீங்கள் இப்போதே செய்யுங்கள். பகலுக்கு ஓர் எண், இரவுக்கு ஓர் எண், மழைக்காலத்தில் பாதை கெட்டுவிடும் என்றால் அதற்கும் ஓர் எண். கடைசியாக அனுப்பிய சில நோயாளிகளின் உண்மையான நேரங்களை, அவர்களைப் பெற்றுக்கொண்ட மருத்துவமனையிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூகுள் மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், அது பயணத்தை மட்டும்தான் சொல்லும்.

பல இடங்களில் இந்தக் கணக்கைப் போட்டதும் பதில் தெரிந்துவிடும்: இரவில் எந்த நோயாளிக்கும் 120-க்குள் முடியாது. அப்படி என்றால் சார்ட்டில் கேள்வியே வேண்டாம். 'இரவு 8 முதல் காலை 6 வரை: ஊசி வழி' என்று நேரடியாக எழுதிவிடலாம்.

பெட்டி 3. டாக்டரும் நர்ஸும் ஒரே நேரத்தில். நர்ஸ்: இப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிடு, எந்த வழி என்று முடிவாகும்வரை காத்திருக்காதே. ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கச் சொல். டாக்டர்: இன்றைய நேரத்துக்கு அட்டவணை என்ன சொல்கிறது? கேத் லேப் வழி என்றால் கேத் லேப் எண்ணை அழை, 30 நிமிடத்துக்குள் நோயாளி நம் வாசலைத் தாண்ட வேண்டும். ஊசி வழி என்றால் பெட்டி 4. அதிர்ச்சி நிலையில் இருப்பவர், 12 மணி நேரம் கடந்தும் வலி நிற்காதவர்: எந்த நேரமானாலும் உடனே கேத் லேப்புக்கு அனுப்பு, போகும்போதே இதய மருத்துவரிடம் பேசு.

ஆம்புலன்ஸை இரண்டு கிளைகளுக்கும் முன்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஊசி போட்டவரும் போகத்தான் வேண்டும். ஊசி போட்டு வார்டில் படுக்கவைத்து, 'காலையில் பார்ப்போம்' என்று இருப்பதுதான் மிக ஆபத்தானது. ஊசி மூன்றில் ஒருவருக்கு வேலை செய்யாமல் போகலாம். வேலை செய்யவில்லை என்று தெரிகிற நேரத்தில் நோயாளி கேத் லேப்பின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெட்டி 4. டாக்டர். 3 நிமிடம். உரக்கப் படி, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. மூளையில் எப்போதாவது ரத்தக்கசிவு? 6 மாதத்துக்குள் பக்கவாதம்? மூளையில் கட்டி அல்லது ரத்தக்குழாய்க் கோளாறு? ஒரு மாதத்துக்குள் பெரிய அறுவை, தலைக்காயம், குடல் ரத்தக்கசிவு? ரத்தம் உறையாத நோய்? வலி தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில் இருந்ததா, கிழிப்பது போல முதுகுக்குப் போகிறதா? இரண்டு கையிலும் பிபி பார்த்ததில் மேல் எண் வித்தியாசம் 20-க்கு மேலா? ஒரு கை அல்லது காலில் நாடி இல்லையா, பலவீனமா? எல்லாம் 'இல்லை' என்றால் பெட்டி 5. ஒன்றாவது 'ஆம்' என்றால் ஊசி வேண்டாம். இதய மருத்துவரை அழைத்து, நேரம் பார்க்காமல் அனுப்பு. பிபி 180/110-க்கு மேல் இருந்தால் முதலில் குறை, பிறகு பெட்டி 5. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, கடைசி 6 மாதத்தில் தற்காலிகப் பக்கவாதம் வந்தவர்: இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

கிழிப்பது போன்ற வலியும் இரண்டு கைப் பிபியும் இந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் மகாதமனிக் கிழிசல். அந்தக் கிழிசல் வலது இதயக்குழாயின் வாயை அடைத்தால் ஈசிஜியில் அசல் கீழ்ச்சுவர் மாரடைப்பு போலவே தெரியும். அவருக்கு ஊசி போட்டால் பிழைப்பது கடினம். ஒரு கையில் பிபி பார்க்கிற நேரத்தோடு இன்னும் ஒரு நிமிடம் சேர்த்தால் இன்னொரு கையிலும் பார்த்துவிடலாம். எக்ஸ்ரேக்காக எல்லோரையும் காத்திருக்க வைக்க வேண்டாம். இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்று உறுத்தினால் மட்டும் எடுங்கள்.

பெட்டி 4-இன் அடியில் ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொல்வேன்: 'எல்லாம் இல்லை என்றால் டியூட்டி டாக்டர் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊசி போடலாம்.' அதற்குக் கீழே மருத்துவக் கண்காணிப்பாளரும், நீங்கள் நோயாளிகளை அனுப்பும் இடத்து இதய மருத்துவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஊசி தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் அறிவுக்குறைவு அல்ல. இளம் டாக்டருக்குத் தனியாக முடிவெடுக்கப் பயம், ரத்தக்கசிவு ஆகிவிட்டால் தன் தலையில் விழும் என்ற கவலை. நியாயமான கவலைதான். ஆயிரம் பேருக்கு ஊசி போட்டால் பத்துப் பேருக்குச் சற்றே குறைவாகவோ அதையொட்டியோ மூளையில் ரத்தம் கசிகிறது. அந்த ஆபத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டது என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி.

பெட்டி 5. டாக்டர். ஈசிஜியில் நோய் தெரிந்து 10 நிமிடத்துக்குள் ஊசி. டெனெக்டிப்ளேஸ், எடைக்கேற்ப ஒரே தடவையில் 5 முதல் 10 விநாடிக்குள் நரம்பில்: 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி.; 60 முதல் 69 வரை 35; 70 முதல் 79 வரை 40; 80 முதல் 89 வரை 45; 90-ம் மேலும் 50. வயது 75-க்கு மேல் என்றால் அதில் பாதி. குளோபிடோக்ரெல் 300 மி.கி.; 75-க்கு மேல் 75 மி.கி. மட்டும். இனாக்சபாரின் 30 மி.கி. நரம்பில், 15 நிமிடம் கழித்து கிலோவுக்கு 1 மி.கி. தோலடியில், 100 மி.கி. தாண்டக்கூடாது; 75-ம் மேலும் என்றால் நரம்பு ஊசி கிடையாது, தோலடியில் கிலோவுக்கு 0.75 மட்டும், 75 மி.கி. தாண்டக்கூடாது. ஊசி போட்ட நேரத்தை எழுது.

டெக்ஸ்ட்ரோஸ் ஓடுகிற வழியில் டெனெக்டிப்ளேஸ் போட்டால் மருந்து படிந்து கெட்டுப்போகும். 'முன்னும் பின்னும் சலைனால் கழுவு' என்பதை மருந்துப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். மருந்து பார்மசியில் இருக்கக்கூடாது, அவசரப் பிரிவிலேயே ஒரு டிரேயில் எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டெனெக்டிப்ளேஸ், இனாக்சபாரின், சலைன், சிரிஞ்சுகள். உங்களிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸ்தான் இருக்கிறது என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் ஓட வேண்டும். ஓடும்போது பிபி இறங்கினால் வேகத்தைக் குறைத்து, காலைத் தூக்கி, சலைன் கொடுங்கள். முன்பு ஒருமுறை அது போட்டவருக்குத் திரும்பப் போடக்கூடாது. இரண்டு மருந்துகளின் அளவையும் ஒரே பெட்டியில் எழுதாதீர்கள். வைத்திருப்பது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

சரி, இந்த ஐந்து பெட்டிகளும் சேர்ந்து எப்படி ஓடும் என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 58 வயது ஆண், சர்க்கரை நோய், 68 கிலோ. இரவு 11.40-க்கு வருகிறார். இரண்டு மணி நேரமாக மேல்வயிறு எரிகிறது, வியர்க்கிறது, 'வாய்வுதான், ஒரு ஊசி போடுங்க' என்கிறார். எல்லை தொப்புள் வரை என்பதால் நர்ஸ் பெட்டி 1-இன்படி ஈசிஜி எடுக்கிறார், 11.47-க்குத் தாள் டாக்டர் கையில். II, III, aVF-இல் உயர்வு, III-இல் 4 மி.மீ. உடனே V4R எடுத்ததில் அங்கேயும் 1 மி.மீ. உயர்வு. பிபி 100/70.

V4R உயர்வு என்றால் வலது கீழறையும் அடிபட்டிருக்கிறது. அந்த அறை, உள்ளே வருகிற ரத்தத்தின் அளவை நம்பித்தான் இயங்குகிறது. நாக்கின் அடியில் நைட்ரேட் வைத்தால் பிபி சடாரென்று சரியும். அதனால் நைட்ரேட் கிடையாது, 250 மி.லி. சலைன் ஓடுகிறது, நுரையீரலைக் கேட்டுப் பார்த்து அடுத்தது. (நைட்ரேட் எழுதுகிற இடத்தில் மூன்று தடைகளை எழுதுங்கள்: மேல் பிபி 90-க்குக் கீழ், V4R உயர்வு, 24 மணி நேரத்துக்குள் சில்டெனஃபில் அல்லது 48 மணி நேரத்துக்குள் டடாலஃபில். கடைசிக் கேள்வியை உறவினர் முன்னால் கேட்டால் உண்மையான பதில் வராது.)

11.49-க்கு ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டது, ஆஸ்பிரின் மென்றாயிற்று. அந்த மருத்துவமனையின் இரவு அட்டவணை: ஆம்புலன்ஸ் வர 20, ஏற்ற 10, பயணம் 95, அங்கே கம்பி போக 30. மொத்தம் 155. ஊசி வழி. பெட்டி 4-ஐ உரக்கப் படித்தார்கள். இரண்டு கையிலும் பிபி ஒன்றுபோல இருந்தது, எல்லாம் 'இல்லை'. 68 கிலோவுக்கு 35 மி.கி.; ஒரு மி.லி.யில் 5 மி.கி. இருக்கும்படி கரைத்தால் 7 மி.லி. 11.56-க்கு ஊசி உள்ளே. குளோபிடோக்ரெல் 300, இனாக்சபாரின் 30 நரம்பில், கால் மணி கழித்து 68 மி.கி. தோலடியில். 12.15-க்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது, கூடவே ஒரு நர்ஸ், டிஃபிப்ரிலேட்டரின் பேட் ஒட்டியபடியே.

வழியில் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு கால் தாள் கையில் இருக்க வேண்டும். ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்துக்குள், அதாவது 12.56-க்கும் 1.26-க்கும் இடையில், ஆம்புலன்ஸை ஓரம் கட்டி ஓர் ஈசிஜி. ஓடும் வண்டியில் கோடு நடுங்கும், அளக்க முடியாது. முன்பு அதிகமாக உயர்ந்திருந்த லீடில் உயர்வு பாதியோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் குழாய் திறந்திருக்கிறது. இவருக்கு 4 மி.மீ. 1.5 ஆகியிருந்தது, வலியும் போயிருந்தது. இறங்கவில்லை என்றால் அங்கே போனதும் அவசரப் பிரிவில் நிறுத்தாமல் நேராகக் கேத் லேப் மேசைக்குப் போக வேண்டும் என்று அங்குள்ளவர்களுக்கு வழியிலிருந்தே சொல்லுங்கள். குழாய் திறக்கும்போது அகலமான, மெதுவான துடிப்புகள் வரிசையாக வரலாம். பிபி நன்றாக இருந்தால் மருந்து வேண்டாம், தானே போகும். திடீர்த் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், அரைமயக்கம் இவற்றில் எது வந்தாலும் மூளை ரத்தக்கசிவு என்று எண்ணி, இனாக்சபாரினின் அடுத்த டோஸை நிறுத்தச் சொல்லி, போகும் இடத்தில் முதலில் சிடி எடுக்கச் சொல்ல வேண்டும். ஊசி பலித்தவருக்கும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் உண்டு.

இனி எஸ்டி உயராதவர்கள். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம், சின்ன மருத்துவமனையில் தவறு நடப்பதும் இங்கேதான். தவறு ஒரே மாதிரிதான் நடக்கிறது: முதல் ஈசிஜி நார்மல், முதல் ட்ரோபோனின் நெகட்டிவ், வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெட்டி 6. டாக்டர். ஈசிஜி நார்மல் என்பது வெளியே போகும் வழி அல்ல. வலி இருக்கிறவரை முதல் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடு; முதல் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார். எஸ்டி உயர்ந்தால் பெட்டி 3. வலி நிற்கவில்லை, பிபி இறங்குகிறது, நுரையீரலில் நீர், துடிப்புக் கோளாறு, எஸ்டி மேலும் கீழும் மாறுகிறது, இவற்றில் ஒன்று இருந்தால்: ஊசி வேண்டாம், ஆஸ்பிரின் கொடுத்து உடனே அனுப்பு. ட்ரோபோனின் பாசிட்டிவ்: ஆஸ்பிரின், இனாக்சபாரின் கொடுத்து, இன்றே அனுப்ப இதய மருத்துவரிடம் பேசு. எதுவும் இல்லை என்றால் பெட்டி 7.

கட்டியைக் கரைக்கும் ஊசியை எஸ்டி தாழ்ந்தவருக்குப் போடுவதால் பயன் இல்லை, ரத்தக்கசிவின் ஆபத்து மட்டும் மிஞ்சும். V7 முதல் V9 வரை பார்த்துப் பின்சுவர் மாரடைப்பு என்று தெரிந்தவர் மட்டும்தான் விதிவிலக்கு. இந்தப் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் இன்னொரு வரி வேண்டும்: 'மாரடைப்பு மட்டும்தானா? ஒரு பக்கம் மூச்சு ஒலி இல்லையா, ஒரு கால் வீங்கியிருக்கிறதா, கடும் வாந்திக்குப் பிறகு தொடங்கிய வலியா?' நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்தல், நுரையீரல் ரத்தக்கட்டி, உணவுக்குழாய்க் கிழிசல் ஆகிய மூன்றையும் நினைவுபடுத்த அந்த ஒரு வரி போதும்.

ட்ரோபோனினைப் பற்றி நீங்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் ஆய்வகத்தில் இருப்பது எந்த வகை என்பதுதான். உயர் நுண்ணுணர்வு வகை என்றால் அந்தக் கருவிக்கென்று சொல்லப்பட்ட 1, 2 அல்லது 3 மணி நேர இடைவெளியில் இரண்டாவது சோதனை. பழைய வகையோ, கோடு விழும் கார்டோ என்றால் அந்த வேக முறைகளை அப்படியே எடுத்து எழுதக்கூடாது. மாரடைப்பு தொடங்கிய சில மணி நேரம் கார்டில் கோடு விழாது. 'வலி தொடங்கி 6 மணி நேரம் ஆகும்வரை நெகட்டிவ் என்ற முடிவுக்குப் பொருள் இல்லை; அதற்குப் பிறகு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும்' என்று எழுதுங்கள். மங்கலான கோட்டையும் பாசிட்டிவ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேருங்கள். இதை எழுதாவிட்டால் 'லேசாகத்தான் இருக்கு' என்று ஆய்வகத்தில் ஒருவர் முடிவு செய்துவிடுவார்.

பெட்டி 7. டாக்டர். ஹார்ட் ஸ்கோர் போடு. வலியின் தன்மை, ஈசிஜி, வயது, ஆபத்துக் காரணிகள், ட்ரோபோனின், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 0 முதல் 3 வரை, இரண்டு ட்ரோபோனினும் நார்மல், இரண்டு ஈசிஜியும் மாறவில்லை, இப்போது வலி இல்லை: நான்கும் இருந்தால் வீட்டுக்கு. 4-ம் மேலும்: படுக்கையில் வை, மானிட்டர், இதய மருத்துவரிடம் பேசு.

வயதுக்கான மதிப்பெண்: 45-க்குக் கீழ் 0, 45 முதல் 64 வரை 1, 65-ம் மேலும் 2. ஆபத்துக் காரணிகள் எதுவும் இல்லை என்றால் 0, ஒன்றோ இரண்டோ இருந்தால் 1, மூன்றும் மேலும் இருந்தாலோ முன்பே ரத்தக்குழாய் அடைப்பு நோய் இருந்தாலோ 2. வலியின் தன்மைக்கான மதிப்பெண்தான் டாக்டருக்கு டாக்டர் மாறும். அதில் தயக்கம் வந்தால் கூடுதல் எண்ணைப் போடுங்கள் என்று எழுதிவிடுங்கள். உதாரணத்தில் வந்த அதே ஆள், ஈசிஜி நார்மலாக வந்திருந்தாலும், 58 வயதுக்கு 1, சர்க்கரைக்கு 1, வியர்வையோடு வந்த எரிச்சலுக்குக் குறைந்தது 1. ட்ரோபோனினை எண்ணுவதற்கு முன்பே 3 வந்துவிட்டது, எரிச்சலுக்கு 2 போட்டிருந்தால் 4 ஆகிப் படுக்கையில் தங்கியிருப்பார்.

வீட்டுக்கு அனுப்புகிறவரிடம் கொடுக்கும் சீட்டில் 'உங்களுக்கு இதய நோய் இல்லை' என்று எழுத வேண்டாம். 'இன்றைய சோதனைகளில் மாரடைப்பு தெரியவில்லை. வலி திரும்ப வந்தால், வியர்த்தால், மூச்சு வாங்கினால், எந்த நேரமானாலும் உடனே வாருங்கள். மூன்று நாளுக்குள் மறுபரிசோதனைக்கு வாருங்கள்' என்று எழுதி, மறுபரிசோதனையின் தேதியையும் நிரப்பிக் கொடுங்கள். முதல் ஈசிஜியின் நகலையும் அவர் கையிலேயே கொடுங்கள். அடுத்த முறை வேறு இடத்துக்குப் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க அது இருக்கும்.

எழுதி முடித்ததும் ஒட்டிவிடாதீர்கள். பழைய ஈசிஜிகளில் நான்கைந்தை எடுங்கள், ஒன்று பின்சுவர் மாரடைப்பு, ஒன்று கீழ்ச்சுவர், ஒன்று நார்மல் என்று கலந்து. சார்ட்டை எழுதாத ஒரு டாக்டரிடமும் இரவு நர்ஸிடமும் கொடுத்து, பெட்டி பெட்டியாக விரலை நகர்த்தச் சொல்லுங்கள். விரல் எங்கே நிற்கிறதோ அந்தப் பெட்டியின் வாசகம் சரியில்லை. பிறகு ஒவ்வொரு நோயாளியின் தாளிலும் ஐந்து நேரங்களுக்கு இடம் விடுங்கள்: வாசல், ஈசிஜி, படித்தது, ஊசி, கிளம்பியது. மாதம் ஒருமுறை அந்த ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், படித்ததற்கும் ஊசிக்கும் இடையில் நேரம் போகிறதா, ஊசிக்கும் கிளம்பியதற்கும் இடையில் போகிறதா என்பது தெரியும். முதலாவது என்றால் பெட்டி 4-இன் கையெழுத்தை யாரும் நம்பவில்லை, இரண்டாவது என்றால் ஆம்புலன்ஸ் ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும்.